1871ஆம் ஆண்டுச் சட்டமும் ஹிஜ்ராக்களின் பெயர்ப் பதிவேடும்: பொதுமக்களின் பார்வை எப்போது, எப்படி மாறியது?

கல்வெட்டு நேசன்:
வட இந்தியாவில் வாழ்ந்த, திருநங்கையரான ஹிஜ்ரா சமூகத்தைப் பற்றி நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த ஓர் ஐயத்தை இங்கே வைக்கிறேன். முகலாயர் காலத்தில் மூன்றாம் பாலினத்தவர் அரண்மனைகளில் உயர்ந்த பதவி வகித்தார்கள் என்பதும், பேரரசர்கள் அவர்களை நம்பிக் கோட்டைகளையே ஒப்படைத்தார்கள் என்பதும் நாம் அறிந்தவை. பிறகு ஆங்கிலேயர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அதில் ஹிஜ்ராக்களையும் சேர்த்து, சென்னை மாகாணம் உட்பட இந்தியா முழுவதும் அவர்களது பெயர்களைக் காவல் நிலையங்களில் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு மதிப்போடு நடத்தப்பட்டவர்கள் அதற்குப் பின் இழிவாகப் பார்க்கப்பட்டார்கள் என்பது என் புரிதல். ஒரே ஒரு சட்டத்தால் மக்களின் மனம் இவ்வளவு தூரம் மாறிவிடுமா, மாறியிருந்தால் அது எந்த வழியாக நடந்தது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஆவணம்:
நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு வேறு வரலாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் விடைக்கு அருகில் போக முடியும்.

அரண்மனைகளில் பதவி வகித்தவர்கள் குவாஜாசராக்கள். அக்பரிடம் வருவாய் நிருவாகத்தைப் பார்த்த இத்திமாத் கான், ஔரங்கசீப்பின் நம்பிக்கைக்குரியவராக இருந்து வரலாற்று நூல் ஒன்றும் எழுதிய பக்தாவர் கான் போன்றவர்களின் அதிகாரம் உண்மையானதுதான். 1782இல் பைசாபாத்தில் அவத் பேகம்களின் செல்வத்தைப் பறிக்கக் கம்பெனியின் ஆட்கள் முனைந்தபோது, முதலில் விலங்கிட்டுச் சிறைவைத்தது அவர்களது சொத்துகளை நிருவகித்த ஜவாஹர் அலி கான், பஹார் அலி கான் என்னும் இரு குவாஜாசராக்களைத்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான பதவிநீக்க விசாரணையில் அது ஒரு குற்றச்சாட்டாகவே பேசப்பட்டது. ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுவயதில் அடிமைகளாக வாங்கப்பட்டு, விரை நீக்கப்பட்டு, எசமானரின் வீட்டில் வளர்க்கப்பட்டவர்கள். அவர்களது பெருமை எசமானரின் பெருமையோடு கட்டுண்டிருந்தது. அவர்கள் ஆணுடை அணிந்து ஆண் பெயரோடு வாழ்ந்தவர்கள். இதை ஒரு பாலின அடையாளத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

ஹிஜ்ராக்கள் வேறு. குருவும் அவருடைய சேலா என்னும் சீடர்களுமாகத் தாங்களே அமைத்துக்கொண்ட குடும்பங்களில், பெண்ணுடையும் பெண் பெயரும் பூண்டு, குழந்தை பிறந்த வீடுகளிலும் திருமண வீடுகளிலும் ஆடிப் பாடி வாழ்த்தி, அதற்குரிய அன்பளிப்பை வாங்கி வாழ்ந்தவர்கள் அவர்கள். இவர்களுக்குக் கிடைத்த பழைய அங்கீகாரத்தைத் தேட வேண்டிய இடம் டெல்லி அரண்மனையன்று, மராத்திய நாட்டின் வருவாய்க் கணக்குகள். அங்கே சில ஹிஜ்ராக்களுக்குக் குறிப்பிட்ட ஊர்களில் சென்று பெற்றுக்கொள்ளும் உரிமையும், சிலருக்கு வரியில்லா இனாம் நிலமும் சனது என்னும் அரசு ஆணை மூலம் வழங்கப்பட்டிருந்தன. ஒரு குரு இறந்தால் அந்த உரிமை அவருடைய சேலாவுக்குப் போகும். ஊரார் அவர்களை மதித்தார்களா, அஞ்சினார்களா, வேறு வழியின்றிக் கொடுத்தார்களா என்பதை அந்தக் கணக்குகள் சொல்லமாட்டா. ஆனால் அரசு அவர்களை உரிமையுள்ள ஒரு தரப்பாக எழுதி வைத்திருந்தது என்பது உறுதி. பம்பாய் மாகாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், அதிகாரிகள் இந்தப் பெற்றுக்கொள்ளும் உரிமையைக் காப்பாற்றித் தர மறுத்தார்கள். பொது ஒழுக்கத்துக்கு மாறானது என்று காரணம் காட்டி இனாம்களையும் படிப்படியாக நிறுத்தினார்கள். இது 1871க்கு முந்தைய கதை.

சென்னை மாகாணத்தைப் பற்றிய தங்கள் கூற்று சரியன்று. 1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம் வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகியவற்றுக்காக இயற்றப்பட்டது. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியை அந்நாளைய வடமேற்கு மாகாணங்கள் என்று கொள்ளலாம். ஹிஜ்ராக்களைப் பதிவு செய்யும் வேலை முனைப்பாக நடந்ததும் அங்கேதான்.

உசிலம்பட்டிப் பேரன்:
ஐயா, என் தாத்தா காலத்தில் எங்கள் ஊரில் ஆண்கள் இரவில் காவல் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். ரேகைச் சட்டம் என்றுதான் இன்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்ததும் அந்தச் சட்டத்தால்தான். அப்படியிருக்க, சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டமே இல்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? எங்களோடு சேர்த்துத் திருநங்கைகளையும் அதே பதிவேட்டில் எழுதியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பழைய ஆவணம்:
தங்கள் தாத்தாவின் தலைமுறையை வதைத்தது 1911ஆம் ஆண்டுச் சட்டம். 1871ஆம் ஆண்டுச் சட்டம் 1876இல் வங்காளத்துக்கு விரிந்தது. சென்னை மாகாணத்துக்கு அந்த ஆட்சிமுறை வந்து சேர்ந்தது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக. அதில் குறிவைக்கப்பட்டவை பழங்குடிகளும் சாதிகளுமே.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு பாகங்கள் இருந்தன. முதல் பாகம் 'குற்றப் பரம்பரையினர்' என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களைப் பற்றியது. இரண்டாம் பாகம்தான் நம் பேச்சுக்கு உரியது. அதன் 24ஆம் பிரிவு, சிறுவர்களைக் கடத்துவதாகவோ விரை நீக்குவதாகவோ, இயற்கைக்கு மாறான பாலுறவைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றம் செய்வதாகவோ 'நியாயமாக ஐயுறப்படும்' அலிகளின் பெயர், இருப்பிடம் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடும், அவர்களது சொத்துகளுக்கு ஒரு பதிவேடும் வைக்கச் சொன்னது. (அந்தச் சொல் இன்று யாரையும் அழைக்கத் தகாத வசை. சட்டத்தின் தொனி தெரிவதற்காகவே இங்கே எழுதுகிறேன்.) குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, ஐயமே போதும். ஆண்மையற்றவர் என்று தாமே ஒப்புக்கொள்பவரும், மருத்துவச் சோதனையில் அவ்வாறு தெளிவாகத் தெரிபவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர் என்று சட்டமே வரையறுத்தது.

பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு என்ன நேரும் என்பதைப் பார்த்தால், பார்வை எந்த வழியாக மாறியது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். 26ஆம் பிரிவின்படி, அவர் பெண்ணைப் போல உடுத்தியோ அணிகலன் பூண்டோ தெருவில் தோன்றினாலும், தெருவிலிருந்து பிறர் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வேறோரிடத்தில் நின்றாலும், பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும், கூலிக்காக ஒரு தனி வீட்டில் ஆடினாலும், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 27ஆம் பிரிவு, 16 வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம் வீட்டிலோ தம் பொறுப்பிலோ வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 29ஆம் பிரிவு, சிறாருக்குக் காப்பாளராக இருக்கவும், தானம் கொடுக்கவும், உயில் எழுதவும், மகனைத் தத்தெடுக்கவும் அவருக்குத் தகுதியில்லை என்றது.

இவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால், தனி மனிதரைத் தண்டிப்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை என்பது புலப்படும். ஆடிப்பாடி வாழ்த்துவது அவர்களின் பிழைப்பு, ஊராருக்கும் அவர்களுக்குமான முறையான உறவும் அதுவே. குழந்தை பிறந்த வீட்டுக்குள் அழைக்கப்பட்டு அரிசியும் துணியும் பணமும் பெற்றவர், அதே வாசலில் நின்றால் சிறைக்குப் போக வேண்டியவராகிவிட்டார். இளைய சேலா வரும் வழி அடைபட்டது. குருவின் சொத்து சேலாவுக்குப் போகும் வழியும் அடைபட்டது. ஒரு தலைமுறை கழிந்தால் இந்தக் கூட்டமே இல்லாமல் போய்விடும் என்ற எதிர்பார்ப்பை வடமேற்கு மாகாணத்து அதிகாரிகள் தங்கள் கடிதங்களில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். அந்த வரிகளை முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

மதுரை வழக்குரைஞர்:
பதிவேடு ஒரு பக்கம் இருக்க, நீதிமன்றத்தில் இந்தப் பார்வை எப்படி வேலை செய்தது என்பதற்கு 1884ஆம் ஆண்டின் கைராத்தி வழக்கு நல்ல சான்று. அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் ஆறாவது தொகுதியில் இருக்கிறது.

கைராத்தி என்பவர் பெண்ணுடையில், ஒரு குடும்பத்துப் பெண்களோடு அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். மொராதாபாத் காவல்துறை ஏற்கெனவே அவர் மீது ஒரு கண் வைத்திருந்தது. பிடித்துக்கொண்டு போய் அரசு மருத்துவரிடம் காட்டினார்கள். உடலில் கண்டதாக மருத்துவர் சொன்ன அடையாளங்களையும், அவர் பெண்ணுடை அணிந்திருந்ததையும் கொண்டு, 377ஆம் பிரிவின்கீழ் அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்தது. யாரோடு, எந்த நாளில், எந்த இடத்தில் குற்றம் நடந்தது என்பதற்கு ஒரு வரி கூடச் சாட்சியம் இல்லை. மேல்முறையீட்டில் நீதிபதி ஸ்ட்ரெயிட் இந்தக் குறையைச் சுட்டித் தண்டனையை நீக்கினார். ஆனால் அதே தீர்ப்பில், இத்தகைய பழக்கங்களை ஒடுக்க மொராதாபாத் அதிகாரிகளுக்கு இருந்த ஆர்வத்தைத் தாம் முழுமையாகப் புரிந்துகொள்வதாகவும் எழுதினார்.

ஆகவே கைராத்தி விடுதலை பெற்றார் என்பதால் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது என்று கொள்ள முடியாது. செயல் எதுவும் காட்டப்படாமலே, உடையும் பாட்டும் உடலும் குற்றத்தின் சான்றாக ஒரு கீழ் நீதிமன்றம் வரை செல்லுபடியாயின. அதற்கு முன்பே பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு சட்டம், பெண்ணுடையையும் 377ஐயும் சிறுவர் கடத்தலையும் ஒரே பாகத்தில் சேர்த்து எழுதி வைத்திருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

தங்கமணி:
வணக்கம். மேலே எழுதியதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. என் அண்ணனின் மூத்த பிள்ளை திருநங்கை. ஐந்து ஏக்கர் நஞ்சை பாட்டனார் வழியில் வந்தது. அண்ணன், "அதற்குச் சட்டப்படி பங்கு கொடுக்க முடியாது" என்று பிடிவாதமாகச் சொல்கிறார். அந்த 29ஆம் பிரிவைத்தான் சொல்கிறாரா? அது இன்னும் நடப்பில் இருக்கிறதா? பிள்ளை தங்கமான பிள்ளை, என்னிடம் மட்டும்தான் பேசும். வழக்குரைஞர் ஐயா கொஞ்சம் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

மதுரை வழக்குரைஞர்:
அம்மா, கவலைப்பட வேண்டாம். அந்தப் பிரிவு இன்று இல்லை. அது நடப்பில் இருந்த காலத்திலும், பதிவேட்டில் ஏற்றப்பட்டவர் தம் சொத்தைப் பிறருக்குக் கொடுப்பதைத்தான் தடுத்தது. பெற்றோரின் சொத்தில் பிள்ளைக்குள்ள பங்கைப் பற்றி அது பேசவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 'மகன்', 'மகள்' என்ற இரு சொற்கள்தாம் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் தங்கள் அண்ணன் பிள்ளையைப் பொறுத்தவரை அந்த இடைவெளியால் நட்டமில்லை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை உண்டு. மகன் என்று கணக்கிட்டாலும் மகள் என்று கணக்கிட்டாலும் பங்கு ஒன்றே. அந்த நிலம் உண்மையில் பூர்வீகச் சொத்தா, அண்ணன் தாமாகச் சம்பாதித்ததா என்பதுதான் முக்கியம். அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதிவிடலாம். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளூரில் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள்.

நிலா:
நான் திருநங்கை. தங்கமணி அம்மாவின் அண்ணன் பிள்ளைக்கு இப்படி ஓர் அத்தை கிடைத்தது பெரிய பேறு.

சொத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என்னை மகளாக ஏற்றுக்கொண்டு வளர்த்த குருவை நான் அம்மா என்றுதான் அழைப்பேன். கடை கடையாகக் காசு கேட்டும், ஆடியும், சமையல் வேலைக்குப் போயும் சேர்த்த பணத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஓட்டு வீடு ஒன்றை அம்மா வாங்கினார். ஐந்து மகள்கள் அந்த வீட்டில் இருந்தோம். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டவர்களும் நாங்களே. அம்மா இறந்து முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள், அவரைப் பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் துரத்திய உடன்பிறந்தவர்கள் வாரிசுச் சான்றிதழோடு வந்து நின்றார்கள். எங்கள் சமூகப் பஞ்சாயத்தான ஜமாத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எங்களுக்குள் எழுதப்படாத முறை உண்டு, குருவுக்குப் பின் மூத்த மகளுக்குத்தான் வீடு. அந்த முறையை அலுவலகத்தில் சொன்னபோது, "இரத்த உறவு இருக்கிறதா, தத்துப் பத்திரம் இருக்கிறதா" என்று இரண்டே கேள்விகள் கேட்டார்கள். இரண்டும் இல்லை. வீடு போயிற்று.

1871ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் ஊருக்கு வரவேயில்லை என்று இங்கே படித்தேன். குருவுக்கும் மகளுக்கும் உள்ள உறவை உறவு என்று எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டாலே போதும், அந்தச் சட்டம் செய்ய நினைத்தது தானாக நடந்துவிடும்.

நடுநிலை வாசகர்:
நிலா அவர்களின் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் அவர் சொன்னதே என் மறுப்புக்கும் வலுச் சேர்க்கிறது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வரவேயில்லை. வந்த இடத்திலும் ஐயத்துக்குரியவர்கள் மட்டும்தான் பதிவு செய்யப்பட்டார்கள். ஆயினும் இங்கேயும் திருநங்கைகளுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை, பள்ளியில் படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது, பெற்ற தாய் தகப்பனே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குச் சித்திரையில் ஊரே திரள்கிறது, ஆனால் மறுநாளே அதே ஊரில் தண்ணீர் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். ஆகவே வெறுப்பு நம்மிடமே இருந்தது, எல்லாவற்றையும் ஆங்கிலேயர் தலையில் சுமத்துவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்று நினைக்கிறேன். சட்டம் மனத்தை மாற்றுவதில்லை, மனம்தான் சட்டத்தை எழுதுகிறது.

பழைய ஆவணம்:
தங்கள் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்தச் சமூகம் அன்போடு அரவணைக்கப்பட்டது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சனதில் உரிமை இருந்தது என்பதால் தெருவில் மரியாதை இருந்தது என்று ஆகிவிடாது. 1871க்குப் பிறகு, கல்வி கற்ற இந்தியர்களிலும் பலர் இந்தப் பதிவேட்டை ஆதரித்தார்கள்.

ஆனால் 'வெறுப்பு' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் எது புதிதாக வந்தது என்பது கண்ணுக்குப் படாமல் போய்விடும். ஏளனமும் அச்சமும் பழையவை. ஹிஜ்ரா என்றாலே பிள்ளை பிடிப்பவர் என்ற ஐயம் அரசின் முத்திரையோடு பரவியது இந்தக் காலத்தில்தான். 1852இல் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்னும் ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். அவர் விட்டு விலகிய முன்னாள் காதலர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கொலையுண்டவர் ஹிஜ்ரா, கொன்றவர் ஓர் ஆண். ஆயினும் அந்த வழக்கை விசாரித்தவர்களின் கவலை கொலையிலிருந்து விலகி, இப்படி ஒரு கூட்டம் நம் மாகாணத்தில் வெளிப்படையாக வாழ்கிறதே என்பதில் போய் நின்றது. அதன் பிறகு கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அதிகாரிகள் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்கள். ஹிஜ்ராக்கள் சிறுவர்களைக் கடத்தி விரை நீக்குகிறார்கள் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கத்தக்க வழக்குகள் கிடைப்பது அரிதாக இருந்தது, அதனால்தான் மெய்ப்பிக்கத் தேவையில்லாத ஒரு சட்டத்தைக் கேட்டார்கள். அந்த வீடுகளில் சிறுவர்கள் இருந்தது உண்மை. அநாதைகள், பஞ்சத்தில் கைவிடப்பட்டவர்கள், பணம் கொடுத்துப் பெறப்பட்டவர்கள், தாமே ஓடிவந்தவர்கள் என்று பல வகையினர் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் நல்ல முறையில் வந்தவர்கள் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் பதிவேடு இந்த வேறுபாடு எதையும் பார்க்கவில்லை.

நடைமுறை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது. பெயர் ஏற்றப்பட்டவர்களில் பலர், காவலர் கண்ணில் படும் நகரத்தில் ஆணுடையும், சிற்றூர்களில் பெண்ணுடையும் அணிந்தார்கள். சிலர் எல்லை தாண்டிச் சமஸ்தானங்களுக்குப் போனார்கள். பிழைப்பு போயிற்று என்று மனு எழுதியவர்களும் உண்டு. அழித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் தோற்றார்கள் என்பது இன்று நிலா அவர்கள் இங்கே எழுதுவதிலிருந்தே தெரியும்.

ஹைதராபாத்வாசி:
சமஸ்தானங்களுக்குப் போனார்கள் என்ற இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிஜாமின் ஹைதராபாத்திலும் 1329 பசலியில், அதாவது 1919 வாக்கில், ஏறத்தாழ இதே வாசகத்தோடு ஒரு சட்டம் வந்தது. பதிவேடு, பெண்ணுடைக்குப் பிடியாணையில்லாக் கைது, இரண்டாண்டுச் சிறை, 16 வயதுக்குட்பட்ட சிறுவனை வைத்திருக்கத் தடை என்று எல்லாம் அப்படியே. நிஜாம் போய், ஆந்திரப் பிரதேசம் வந்து, தெலங்கானா பிரிந்த பிறகும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் நகருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் வதந்தி பரவியபோது, சந்திராயன்குட்டா பகுதியில் ஒரு திருநங்கையைக் கும்பல் அடித்துக் கொன்றது. அவர் ரம்ஜான் மாதத்தில் தோழியரோடு யாசகம் கேட்க வந்தவர். நான் அப்போது அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் குடியிருந்தேன். எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவிலும் அந்த வதந்தி வந்தது. படித்தவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஒருவர்கூட இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கவில்லை. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்களில் எவருக்கும் தெரியாது. ஆனால் அது எழுதி வைத்த ஐயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் திருநங்கைச் செயற்பாட்டாளர்கள் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜூலையில் தெலங்கானா உயர் நீதிமன்றம், அது சமத்துவத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று சொல்லி முழுவதுமாக நீக்கியது.

நடுநிலை வாசகர்:
ஹைதராபாத்தில் நடந்தது கொடுமை. ஆனால் அதே 2018இல் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி வெளிமாநிலத் தொழிலாளர்களையும் பிச்சைக்காரர்களையும் பல மாநிலங்களில் அடித்தார்கள். தமிழ்நாட்டிலும் நடந்தது. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே 1871க்கும் 2018க்கும் நேர்கோடு போடுவது எனக்கு இன்னும் ஏற்புடையதாக இல்லை.

பழைய ஆவணம்:
நேர்கோடு போட முடியாது என்பது சரிதான். அந்நியர் யாராயினும் ஐயுறும் பழக்கம் இதனினும் பெரியது. நான் காட்டக்கூடியது வாசகத்தின் தொடர்ச்சியை மட்டுமே. 2011இல் கருநாடகக் காவல் சட்டத்தில் 36ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவர்களைக் கடத்துவதாகவோ விரை நீக்குவதாகவோ இயற்கைக்கு மாறான குற்றம் செய்வதாகவோ நியாயமாக ஐயுறப்படும் திருநங்கையரின் பெயர், இருப்பிடம் ஆகியவற்றுக்குக் காவல் ஆணையர் பதிவேடு வைக்கலாம் என்றது அது. 1871ஆம் ஆண்டின் 24ஆம் பிரிவை அருகில் வைத்துப் படித்துப் பாருங்கள். விடுதலை பெற்று 64 ஆண்டுகள் கழிந்தபின், ஆங்கிலேய அதிகாரி எவரும் இல்லாத ஒரு சட்டமன்றத்தில் அது நிறைவேறியது. அங்குள்ள பாலினச் சிறுபான்மையினர் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்ற பிறகுதான் அந்தப் பிரிவின் வாசகத்தை அரசு மாற்றியது. மனம்தான் சட்டத்தை எழுதுகிறது என்றீர்கள். அந்த மனத்துக்குச் சொற்களை எடுத்துக் கொடுத்தது பழைய சட்டம் என்பதே என் நிலைப்பாடு.

பாகிஸ்தானில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2009இல் தட்சசீலத்துக்கு அருகே ஆடச் சென்ற, அங்கே இன்று குவாஜாசரா என்றே அழைக்கப்படும் ஹிஜ்ராக்களைக் காவல்துறை கைது செய்து துன்புறுத்தியதிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு அடையாள அட்டையும் வாரிசுரிமையும் உண்டு என்று ஆணையிட்டது. ஆட்டமும் சொத்தும், 1871இல் அடைக்கப்பட்ட அதே இரண்டு வாசல்கள். 2018இல் அங்கே விரிவான சட்டம் வந்தது. 2023 மே மாதம் கூட்டாட்சி ஷரியா நீதிமன்றம் அதில் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையையும் வாரிசுரிமைப் பிரிவையும் செல்லாதவை என்றது. கொடுத்த உரிமை ஐந்தாண்டிலேயே மீண்டும் கேள்விக்குள்ளாயிற்று.

கல்வெட்டு நேசன்:
அனைவருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். நம் நாட்டில் 2014 ஏப்ரல் 15ஆம் தேதி நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தபோது, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கைராத்தி வழக்கையும் குறிப்பிட்டதாக அறிகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறுகிறார்கள். பெயரும் முகவரியும் அரசிடம் பதிவாகின்றன. பழைய பதிவேட்டையும் இதையும் அந்தச் சமூகத்தினர் எப்படி வேறுபடுத்திப் பார்க்கிறார்கள்?

நிலா:
எல்லாருக்காகவும் என்னால் பேச இயலாது. தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் வந்தபோது அட்டை வாங்க வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த அட்டையால் குடும்ப அட்டை கிடைத்தது, வங்கிக் கணக்கு தொடங்கினேன். தண்டிப்பதற்காக எழுதும் பெயரும், கொடுப்பதற்காக எழுதும் பெயரும் ஒன்றல்ல. ஆனால் என்னைவிட மூத்தவர்கள் சிலர் கடைசிவரை அட்டை வாங்கவில்லை. "நம் விலாசம் எதற்கு அவர்களுக்கு?" என்பார்கள். அவர்கள் காவல் நிலையத்தில் பட்ட அடிகளை நான் படவில்லை, அதனால் அவர்களோடு வாதிட்டதில்லை.

2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, திருநங்கை என்ற சான்றுக்கு நாமே அளிக்கும் உறுதிமொழி போதும் என்றும், பெண் என்று மாற்றிக்கொள்ள அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்று வேண்டும் என்றும் சொன்னார்கள். மறுபடியும் மருத்துவரிடம் உடம்பைக் காட்டித்தான் நான் யார் என்று எழுதி வாங்க வேண்டுமா என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. குரு–மகள் உறவைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. குடும்பம் என்றால் இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றால் உறவானவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது.

மதுரை வழக்குரைஞர்:
நிலா அவர்கள் குறிப்பிட்ட அந்த வரையறை உண்மையில் பெரிய தடை. ஆயினும் நீதிமன்றங்கள் வழக்காற்றை முற்றிலும் புறக்கணித்துவிடவில்லை. 2016இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில், இறந்துபோன ஒரு சேலாவின் சொத்துக்குக் குரு உரிமை கோரினார். கீழ் நீதிமன்றம் மறுத்திருந்தது. உயர் நீதிமன்றம், குரு–சேலா மரபு அச்சமூகத்தின் வழக்காறு என்று ஏற்று, குருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டிப் பேச உதவும். எதிரே இரத்த உறவினர் வந்து நின்று போட்டியிடும்போது என்ன ஆகும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகையால் இப்போது சொத்து வைத்திருக்கும் குருமார்கள் செய்ய வேண்டியது, உயில் எழுதி வைப்பது. 29ஆம் பிரிவு பறித்த உரிமைகளில் இன்று எளிதாகக் கைக்கு எட்டுவது அதுதான். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். எழுதுபவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும், அவர்களும் கையொப்பமிட வேண்டும். சொத்தைப் பெறப்போகும் மகளைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னாளில் அது போலி என்று சொல்வது கடினம். பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் எழுதி, அட்டை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் தம் பங்குக்கு மேல் எழுத முடியாது. தாமே சம்பாதித்து வாங்கிய வீடு என்றால் முழுவதையும் எழுதலாம்.

நிலா:
உயிலில் உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது ஐயா? மகள் என்று எழுதினால் பிறகு அதையே காட்டிச் செல்லாது என்று சொல்லிவிடுவார்களா?

மதுரை வழக்குரைஞர்:
வெறும் 'மகள்' என்று எழுதினால், அப்படி ஒரு மகள் இல்லை என்று எதிர்த்தரப்பு குழப்பம் செய்ய வழி உண்டு. 'இத்தனை ஆண்டுகளாக என்னுடன் வசித்து, என்னைப் பராமரித்துவரும், எங்கள் சமூக வழக்கப்படி நான் மகளாக ஏற்றுக்கொண்ட இன்னார்' என்று முழுமையாக எழுதி, முகவரியையும் அடையாள அட்டை விவரத்தையும் சேருங்கள். உயில் பெறுபவர் உறவினராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. யார் என்று ஐயமின்றித் தெரிந்தால் போதும்.